"டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க"

"மேடம், நாளைக்கு டாக்டர் லீவு. ஸ்கேன் இல்ல. அடுத்த வாரம் வாங்க. சாரி." ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையிலிருந்து, மாலை ஆறு மணிக்கு, டோக்கன் கொடுத்துக்கொண்டே அவசரமாகத் தட்டி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. அனுப்பிய பெண்ணுக்கு அதில் எல்லாமே இருப்பதாகத்தான் தோன்றும். மருத்துவர் வராத காரணம் அவருக்குத் தெரியும், எந்த ஸ்கேன் என்பது தெரியும், அடுத்த வாரம் எந்தெந்த நாளில் இடம் காலி என்பதும் தெரியும். செய்தியைப் படிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

படிப்பவர் ஐந்தாம் மாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுக்க வேண்டியது அனாமலி ஸ்கேன். குழந்தையின் மூளை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம், கை கால் எல்லாம் சரியாக உருவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது அது. பொதுவாக 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பார்கள். அதற்கு முன்னால் இதய அறைகள் போன்றவை தெளிவாகத் தெரியாது. மிகவும் தள்ளிப்போனால், ஏதாவது குறை தென்பட்டு மேல்பரிசோதனை செய்து முடிவெடுக்க வேண்டியிருந்தால், அதற்கான அவகாசம் சுருங்கிவிடும். இதையெல்லாம் டாக்டர் முன்பே சொல்லியிருப்பார்: "நாள் தவறிடாதீங்கம்மா." அதன்பின் இந்தச் செய்தி வந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. தள்ளிப்போவதால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? போன ரிப்போர்ட்டில் எதையோ பார்த்துவிட்டு மறைக்கிறார்களா? அடுத்த வாரம் என்றால் எந்தக் கிழமை? வேறு சென்டருக்குப் போய்விடலாமா?

இந்தப் பயத்தைப் போக்கச் சிலர் செய்தியின் கடைசியில் "பயப்பட வேண்டாம்" என்று சேர்க்கிறார்கள். நான் அதை எடுத்துவிடச் சொல்வேன். எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லாமல் அந்த வார்த்தையை மட்டும் போட்டால், அதுவரை பயப்படாதவருக்கும் சந்தேகம் வரும். மனத்துக்கு ஆறுதல் தருவது விவரம்தான். அந்த விவரத்தை எழுதுவதற்கு முன்னால் வரவேற்பாளர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

நாளைய பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே புதிய தேதியில் எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்று எழுத வேண்டும். புதன்கிழமை வர வேண்டியவர்களைத் திங்கட்கிழமைக்கு மாற்றுகிறார்கள் என்றால் ஐந்து நாள் கூடுகிறது. ஒருவருக்குப் புதனன்று 19 வாரம் 4 நாள். திங்களன்று 20 வாரம் 2 நாள். இன்னொருவருக்குப் புதனன்றே 21 வாரம் 5 நாள். திங்களன்று 22 வாரம் 3 நாள். இந்த இருவருக்கும் ஒரே செய்தி போகக் கூடாது. பட்டியலை மருத்துவரிடம் காட்டினால், யார் காத்திருக்கலாம், யாரை நாளைக்கே வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் குறித்துக் கொடுப்பார். போனிலேயே வாசித்துக் கேட்டுக்கொள்ளலாம். "தள்ளிப்போனாலும் பரவாயில்லை" என்பதை வரவேற்பாளர் தானாக எழுதக் கூடாது; மருத்துவர் சொன்னதை அவர் பெயராலேயே எழுத வேண்டும். இரண்டாமவருக்குச் செய்தியே வேண்டாம். நேராகப் போன் செய்து, எங்கே, எத்தனை மணிக்கு ஏற்பாடாகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

முதலாமவருக்கு எழுதுவது இப்படி இருக்கலாம்:

"வணக்கம் (பெயர்). நாளை, நவம்பர் 5 புதன்கிழமை, காலை 10 மணிக்குக் குறித்திருந்த உங்கள் ஸ்கேன் நாளை இல்லை. நாளை வர வேண்டாம்.

புதிய நேரம்: நவம்பர் 10, திங்கட்கிழமை, காலை 10 மணி. உங்களுக்கென்று இந்த நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் நாளை வர இயலாததால்தான் இந்த மாற்றம். உங்கள் பழைய ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் வாரக் கணக்கைப் பார்த்து, திங்கட்கிழமை எடுத்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

சாப்பிட்டுவிட்டே வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பழைய ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் அட்டை கொண்டு வாருங்கள்.

அதற்குள் வயிற்று வலி, ரத்தப்போக்கு, நீர்க்கசிவு ஏதாவது இருந்தால் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே உங்கள் டாக்டரையோ பக்கத்து மருத்துவமனையையோ பாருங்கள்.

செய்தி கிடைத்ததும் 'சரி' என்று பதில் போடுங்கள். திங்கள் வர முடியாதென்றால் இதே எண்ணில் கூப்பிடுங்கள், வேறு நேரம் தருகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

வராதீர்கள் என்பது முதலிலேயே வந்திருப்பதைக் கவனியுங்கள். பூட்டிய போன் திரையில் முதல் ஓரிரு வரிதான் தெரியும். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடிக்க விடியற்காலையில் கிளம்புபவர் அதை மட்டும்தான் பார்ப்பார். 'நாளை' என்பதோடு தேதியும் கிழமையும் வேண்டும், ஏனென்றால் செய்தியை மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு நாளை என்பது வியாழனாகிவிடும். மன்னிப்பு கடைசியில் ஒரு வரி போதும். மேலே மூன்று வரிக்கு வருத்தம் தெரிவித்தால், படிப்பவர் பெரிதாக ஏதோ நடந்துவிட்டதென்று நினைப்பார்.

எல்லாச் செய்தியிலும் இவ்வளவு விவரம் கூடாது. குழந்தையின்மைச் சிகிச்சை, மனநலம், பால்வினை நோய் போன்றவற்றுக்கு வருபவர்களின் போனை வீட்டில் வேறு யாரும் எடுத்துப் பார்க்கலாம். அங்கே ஸ்கேன், டெஸ்ட், துறை எதுவும் இல்லாமல் "உங்கள் அப்பாயின்ட்மென்ட்" என்று மட்டும் எழுதி, மற்றதை அவரிடமே போனில் பேசுவதுதான் நியாயம்.

சர்க்கரை நோயாளிகளின் விஷயத்தில் தேதியைவிட மணி முக்கியம். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காலை 7 மணிக்குக் குறித்திருந்ததை "11 மணிக்கு வாங்க" என்று மாற்றினால், இரவு 9 மணிக்குச் சாப்பிட்ட பெரியவர் 14 மணி நேரம் பட்டினி கிடப்பார். இன்சுலினோ மாத்திரையோ வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். அதனால் அன்றைக்கே பகலுக்குத் தள்ளாமல் இன்னொரு நாள் காலைக்கு மாற்றுவதே நல்லது. அவர் ஏற்கெனவே பட்டினியாக இருக்கும் நேரத்தில் செய்தி போகிறதென்றால் முதல் வரியே "இன்று டெஸ்ட் இல்லை, காலை உணவைச் சாப்பிட்டுவிடுங்கள்" என்று இருக்க வேண்டும். ஊசி, மாத்திரை பற்றிக் கேட்டால் வரவேற்பாளர் பதில் சொல்லாமல் டாக்டரிடமோ நர்ஸிடமோ போனைக் கொடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ்தான். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் அடங்கும். 'கி' என்ற ஒரே எழுத்தே இரண்டு குறியாகக் கணக்காகும் என்பதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் மூன்றை மட்டும் எழுதினால் போதும்: நாளை வர வேண்டாம், புதிய தேதியும் மணியும், விவரத்துக்குக் கூப்பிடுகிறோம். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும்.

அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நின்றால் செய்தி அவர் போனுக்கே போகவில்லை. இரட்டை டிக் வந்தாலும் போனுக்குப் போய்விட்டது என்றுதான் பொருள். படித்தாரா என்பது அதில் தெரியாது. 'சரி' என்ற பதில் வந்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் டிக் அடித்துவிட்டு, இரவு 8 மணிக்கும் பதில் வராதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். கணவரோ மாமியாரோ எடுத்தால், "நாளைக்கு அவங்க வர வேண்டாம், திங்கட்கிழமை காலை பத்து மணின்னு சொல்லிடுங்க, முடிஞ்சா இந்த நம்பருக்கு ஒரு தடவை பேசச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாருமே எடுக்கவில்லை என்றால், காலையில் வாசலில் உட்காரும் ஊழியரிடம் அந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தெரியாமல் வந்துவிடுபவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, திங்கட்கிழமை சீட்டைக் கையில் தந்து அனுப்ப அங்கே ஒருவர் இருப்பார்.