அலுவலகம் கொடுத்த பற்றுச்சீட்டு: பரிசா, சம்பளமா?

தீபாவளிக்கு முந்தைய வாரம். சிராங்கூன் சாலையில் விளக்குகள் எரிகின்றன. கேம்பல் லேன் கடைகளில் கூட்டம். உங்கள் கைப்பையில் அலுவலகம் கொடுத்த இரண்டு உறைகள்.

ஒன்று தீபாவளிப் பரிசு: 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு. எல்லா ஊழியர்களுக்கும் அதே தொகைதான். இன்னொன்று உங்களுக்கு மட்டும்: 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு. போன மாதம் ஒரு சிக்கலான வேலையை நேரத்துக்குள் முடித்ததற்காக மேலாளர் கொடுத்த 'ஸ்பாட் அவார்ட்'.

இரண்டையும் ஒரே கடையில், ஒரே பட்டுப் புடவைக்குக் கொடுத்துவிடலாம். கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரியும். முதல் உறைக்கு வரி இல்லை. இரண்டாவது உங்கள் வருமானத்தில் சேரும்.

"அட, காசா கொடுத்தாங்க? வெறும் வவுச்சர்தானே!" என்று கேட்கத் தோன்றுகிறதா? குழப்பம் தொடங்கும் இடமே அதுதான்.

எதில் கொடுத்தார்கள் என்பதைவிட எதற்குக் கொடுத்தார்கள் என்பதே முக்கியம்

சிங்கப்பூரின் வருமான வரிச் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேலையின் பேரில் கிடைக்கும் சம்பளம், போனஸ், படி, சலுகை எல்லாம் பணமாக வந்தாலும் வேறு வடிவில் வந்தாலும் வருமானம்தான் என்கிறது அது. அதனால் பற்றுச்சீட்டு என்பதாலேயே ஒன்று வரியிலிருந்து தப்பிவிடாது.

இந்தக் கேள்வி பிரிட்டனில் 1965இல் அங்குள்ள மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. லெய்ட்லர் எதிர் பெர்ரி என்பது வழக்கின் பெயர். ஒரு நிறுவனக் குழுமம் கிறிஸ்துமஸுக்கு ஊழியர்களுக்கு வான்கோழி கொடுத்துவந்தது. பிறகு அதற்குப் பதிலாக 10 பவுண்டுப் பற்றுச்சீட்டு கொடுக்கத் தொடங்கியது. "இது பண்டிகைப் பரிசு, சம்பளம் இல்லை" என்று வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. அந்தப் பற்றுச்சீட்டு வேலையின் பேரில் வந்த வருமானமே என்று தீர்ப்பானது.

அதாவது, சட்டத்தை மட்டும் கண்டிப்பாகப் பார்த்தால் தீபாவளிப் பரிசுக்குக்கூட வரி கேட்கலாம். அப்படியிருந்தும் உங்கள் முதல் உறைக்கு ஏன் வரி இல்லை? ஆணையம் ஒரு சலுகை வைத்திருப்பதால்.

200 வெள்ளிச் சலுகை

பண்டிகை போன்ற சிறப்பு நாள்களில், பொதுவாக எல்லா ஊழியர்களுக்கும் கொடுக்கப்படும் பரிசின் மதிப்பு 200 வெள்ளியைத் தாண்டாவிட்டால் அதற்கு வரி கிடையாது. உங்கள் 100 வெள்ளி தீபாவளிப் பற்றுச்சீட்டு இதற்குள் வந்துவிடுகிறது.

ஆனால் 200 என்பது கழிவு இல்லை. அது ஒரு கோடு. பலர் சறுக்குவது இங்கேதான். நிறுவனம் தாராளமாக 250 வெள்ளி கொடுத்துவிட்டது என்று வையுங்கள். "200 போக மீதி 50க்குத்தானே வரி?" என்று நினைப்பீர்கள். இல்லை. கோட்டைத் தாண்டினால் முழு 250 வெள்ளியும் வருமானத்தில் சேரும்.

இப்போது இரண்டாவது உறை. அது பண்டிகைக்காகவும் வரவில்லை, எல்லாருக்கும் வரவில்லை. உங்கள் வேலையைப் பார்த்து, உங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. தீபாவளி வாரத்தில் கைக்கு வந்ததால் அது தீபாவளிப் பரிசு ஆகிவிடாது. போதாக்குறைக்கு அதன் மதிப்பு 200ஐயும் தாண்டிவிட்டது.

சிங்கப்பூரின் ஸ்பாட் அவார்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ரொக்கமாகக் கொடுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: அது போனஸ் மாதிரி, முழுத் தொகையும் வருமானம். பற்றுச்சீட்டாகக் கொடுத்தால், பண்டிகைப் பரிசுக்கான சலுகை இதற்கும் பொருந்தும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

பிரிட்டனில் இன்று இதே கோட்டை எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். அங்கே 50 பவுண்டுக்கு மிகாத சிறு பரிசுகளுக்கு வரி இல்லை. ஆனால் அது பணமாகவோ, பணமாக மாற்றக்கூடிய பற்றுச்சீட்டாகவோ இருக்கக் கூடாது. வேலையில் காட்டிய திறமைக்கான வெகுமதியாகவும் இருக்கக் கூடாது.

சரி, எவ்வளவு வரி?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கவிதா என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 27, சிங்கப்பூர்க் குடிமகள், மாதச் சம்பளம் 3,500 வெள்ளி. ஆண்டுக்கு 42,000. அதில் 20 விழுக்காடு, அதாவது 8,400 வெள்ளி, அவருடைய மத்திய சேமநிதிக்குப் போகிறது. அந்தத் தொகைக்கு வரிக்கழிவு உண்டு. வேலை செய்து சம்பாதிப்பவர் என்பதற்காக இன்னும் 1,000 வெள்ளி கழிவு. மீதி 32,600 வெள்ளிக்குத்தான் வரி.

முதல் 20,000க்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, 200 வெள்ளி. மிச்சமுள்ள 2,600க்கு 3.5 விழுக்காடு, 91 வெள்ளி. வேறு கழிவுகள், தள்ளுபடிகளை விட்டுவிட்டால் மொத்தம் 291 வெள்ளி.

கவிதாவுக்கு 500 வெள்ளிக்கு ஒரு ஸ்பாட் அவார்ட் கிடைக்கிறது. அதை நிறுவனம் இரண்டு விதமாகக் கொடுக்கலாம்.

ரொக்கமாகக் கொடுத்தால் அது சேமநிதிக் கணக்கிலும் சம்பளமாகவே எண்ணப்படும். 500இல் 100 வெள்ளி அவருடைய சேமநிதிக்குப் போகும், கையில் 400. அதோடு முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 85 வெள்ளி போட வேண்டும். சேமநிதிக்குப் போன 100க்குக் கழிவு உண்டு என்பதால் 400க்குத்தான் கூடுதல் வரி: 14 வெள்ளி.

காசாக மாற்ற முடியாத பற்றுச்சீட்டாகக் கொடுத்தால் கதை வேறு. சேமநிதிச் சட்டத்தில் சம்பளம் என்றால் பணமாகக் கொடுக்கப்படுவது. இந்தப் பற்றுச்சீட்டு அதற்குள் வராது. ஆகவே கவிதா முழு 500 வெள்ளிக்கும் கடைக்குப் போகலாம். ஆனால் வரிக்கு முழு 500உம் சேரும், கழிவு எதுவும் இல்லை: 17 வெள்ளி 50 காசு.

வரியில் வித்தியாசம் வெறும் மூன்றரை வெள்ளி. "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். சேமநிதிப் பக்கம் பாருங்கள். ரொக்கமாக வந்தால் கவிதாவின் கணக்கில் 185 வெள்ளி சேர்கிறது. அதில் 85 வெள்ளி முதலாளியின் பணம். பற்றுச்சீட்டாக வந்தால் அந்த 85 வெள்ளி அவருக்கு வரவே வராது. நிறுவனத்துக்கு ரொக்க விருது 585 வெள்ளிச் செலவு, பற்றுச்சீட்டு 500தான்.

உடனே செலவு செய்யப் பற்றுச்சீட்டு நல்லது. வீடு வாங்கச் சேமநிதியைச் சேர்த்துக்கொண்டிருப்பவருக்கு ரொக்கம் நல்லது. "வவுச்சரா, கேஷா?" என்று எப்போதாவது கேட்டால் இதை மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

வரிக் கணக்கில் அது எப்படி ஏறுகிறது?

சிங்கப்பூரில் குடிமக்களின் வரியை மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் வந்த வருமானத்துக்கு அடுத்த ஆண்டில் கணக்குப் பார்ப்பார்கள். தீபாவளிக்கு வாங்கிய பற்றுச்சீட்டு அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் உங்கள் கண்ணில் படும். அதற்குள் புடவையே பழசாகியிருக்கும்!

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருக்கும் நிறுவனம் உங்கள் வருமான விவரத்தை மார்ச் 1ஆம் தேதிக்குள் நேரடியாக ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விவரம் IR8A என்ற படிவத்தில் இருக்கும். பணமாக இல்லாமல் வந்த சலுகைகளுக்கு Appendix 8A என்று ஓர் இணைப்பும் உண்டு. myTax Portal தளத்தில் சிங்பாஸ் மூலம் நுழைந்தால் நிறுவனம் அனுப்பிய தொகை தெரியும். இணையம்வழி வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய ஏப்ரல் 18 கடைசி நாள்.

அங்கே இரண்டு விதத் தவறுகள் நடக்கலாம். ஒன்று, ஸ்பாட் அவார்ட் விட்டுப்போவது. சம்பளம் ஒரு பிரிவிலிருந்து வருகிறது. பற்றுச்சீட்டை உங்கள் மேலாளர் தன் குழுச் செலவில் வாங்கிக் கொடுக்கிறார். சம்பளப் பிரிவுக்குத் தகவலே போகாமல் இருக்கலாம். இன்னொன்று, வரி இல்லாத 100 வெள்ளித் தீபாவளிப் பரிசையும் சேர்த்துவிடுவது.

இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஆண்டின் 12 சம்பளச் சீட்டுகளையும் கூட்டிப் பாருங்கள். தளத்தில் உள்ள தொகை அதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். வித்தியாசமே இல்லை, ஆனால் பெரிய பற்றுச்சீட்டு வாங்கிய ஞாபகம் இருக்கிறது என்றாலும் கேளுங்கள். நிறுவனம் அனுப்பிய விவரத்தில் பிழை இருந்தால் அதை நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். "அவங்கதானே விட்டுட்டாங்க" என்று சும்மா இருந்துவிட முடியாது. சரியான வருமானத்தைச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

சிலருக்குப் படிவம் தாக்கல் செய்யத் தேவையில்லை என்று தகவல் வரும், வரி மதிப்பீடு நேராக வந்துவிடும். அப்போதும் தொகையைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் மதிப்பீட்டில் உள்ள தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் பயன்படுத்தும் சிடிசி பற்றுச்சீட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுப்பது, உங்கள் வேலைக்காக வந்ததல்ல. இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.

ஆக, அடுத்த முறை மேலாளர் ஓர் உறையை நீட்டும்போது நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உறையின் மேல் தேதி, தொகை, எதற்குக் கொடுத்தார்கள் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். மார்ச் மாதத்தில் கணக்குப் பார்க்க அது போதும்.