ஒரு மைக்ரோகிராமின் கதிர்வீச்சு

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு, சில வாரங்கள் கழித்து அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்து கொடுக்கிறார்கள். மாத்திரையாகவோ நீராகவோ ஒரே தடவை விழுங்குவதுதான். அதன் பிறகு நோயாளி தனியறையில் இருக்க வேண்டும். பார்க்க வருபவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணமான அந்த அயோடின்-131இன் எடை, பெரும்பாலும் ஒரு மைக்ரோகிராம்கூட இருக்காது. தூள் உப்பில் ஒரே ஒரு மணியை எடுத்து அதைப் பல பத்துக் கூறாக்கினால், ஒரு கூறு அவ்வளவு எடை இருக்கும்.

அதனால் மருத்துவர் இந்த மருந்தை எடை சொல்லிக் கேட்பதில்லை. 3.7 கிகாபெக்கெரல் என்றோ, பழைய அளவில் 100 மில்லிகியூரி என்றோதான் கேட்பார். ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல். எடையிலிருந்து இந்த எண்ணுக்கு எப்படிப் போவது? மூன்று விவரங்கள் போதும்: நிறை, மோலார் நிறை, அரை ஆயுள்.

முதலில் அணுக்களை எண்ண வேண்டும். அயோடின்-131இன் மோலார் நிறை 131. அதாவது 131 கிராம் எடுத்தால் அதில் 6.022 × 10²³ அணுக்கள் இருக்கும். நம்மிடம் இருப்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை 131ஆல் வகுத்து, அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 4.6 × 10¹⁵ வருகிறது. நம் கணக்கில் 46 கோடி கோடி அணுக்கள்.

அடுத்து, ஓர் அணு ஒரு நொடிக்குள் சிதைய எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க வேண்டும். எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தில் பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்பது உறுதியாகத் தெரியும். அயோடின்-131க்கு அது 8.02 நாள், அதாவது சுமார் 6,93,000 நொடி. 0.693 என்ற எண்ணை இந்த நொடிக் கணக்கால் வகுத்தால் கிடைப்பதுதான் சிதைவு மாறிலி. 0.693 என்பது 2இன் இயல் மடக்கை. பாதியாகக் குறைவதைப் பற்றிய கணக்கு என்பதால் அது உள்ளே வருகிறது. இங்கே விடை ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. ஒவ்வொரு நொடியும் பத்து லட்சம் அணுக்களில் ஒன்று சிதைகிறது.

இரண்டையும் பெருக்கினால் முடிந்தது:

A = (m / M) × 6.022 × 10²³ × 0.693 / T

விடை 4.6 × 10⁹. ஒரு மைக்ரோகிராமில் நொடிக்கு 460 கோடி சிதைவுகள், அதாவது 4.6 கிகாபெக்கெரல். மருத்துவர் கேட்ட 3.7 கிகாபெக்கெரலுக்கு 0.8 மைக்ரோகிராமே போதும்.

இதே ஒரு மைக்ரோகிராம் யுரேனியம்-238ஆக இருந்தால்? அணுக்களின் எண்ணிக்கை பாதிக்குச் சற்று மேலே இருக்கும், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அதன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு. அதனால் ஏறத்தாழ 80 நொடிக்கு ஒரே ஒரு அணுதான் சிதையும். நீண்ட காலம் கதிரியக்கத்தோடு இருக்கும் பொருள்தான் ஆபத்து மிகுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால், குறுகிய காலத்தில் தீர்ந்துபோவதுதான் வேகமாகச் சிதைகிறது.

மாணவர்கள் இந்தக் கணக்கில் வழுக்குவது பெரும்பாலும் அரை ஆயுளில்தான். 8.02 நாளை நொடியாக்காமல் அப்படியே போட்டால், வருவது நாளொன்றுக்கான சிதைவு. அதைப் பெக்கெரல் என்று எழுதினால் விடை 86,400 மடங்கு பெருத்துவிடும். ஒரு மைக்ரோகிராம் அயோடினுக்கு 10¹⁴ அளவில் எண் வந்தால் இந்தப் பிழைதான் என்று உடனே கண்டுகொள்ளலாம்.

இன்னொன்று, நிறை எதனுடைய நிறை என்பது. மருந்து வருவது சோடியம் அயோடைடாக. அந்த உப்பில் 154 பங்குக்கு 131 பங்குதான் அயோடின், மீதி சோடியம். அந்த அயோடினும் முழுக்க 131 அல்ல. அணு உலையில் டெல்லூரியத்தை நியூட்ரானால் தாக்கி இதை உண்டாக்கும்போது, கதிரியக்கமில்லாத அயோடின்-127உம், மிக மெதுவாகச் சிதையும் அயோடின்-129உம் சேர்ந்தே வருகின்றன. ஆகவே குப்பியில் உள்ள உப்பின் மொத்த எடையைச் சூத்திரத்தில் போட்டால், உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மருத்துவமனையில் எடை போடாமல், குப்பியை அயனியாக்கக் கிணறு கொண்ட அளவியில் இறக்கிச் செயல்பாட்டை நேரடியாகவே அளப்பது இதனால்தான்.

அளந்த எண்ணும் அளந்த நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். குப்பியின் சீட்டில் நாளும் மணியும் எழுதியிருப்பது அதற்காக. திங்கள் நண்பகலில் 3.7 கிகாபெக்கெரல் இருந்த மருந்து, வியாழன் நண்பகலில் 2.85 ஆகியிருக்கும். வியாழனன்று நோயாளிக்கு 3.7 தேவையென்றால், திங்களன்று குப்பியில் 4.8 இருந்தாக வேண்டும்.