விற்க முடியாத கோடிகள்

2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. மறுநாள் அதன் சொத்துக் கணக்கைப் பற்றி ஃபைனான்ஷியல் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. கையில் இருப்பதாகச் சொன்ன சொத்துகளில் முதலிடம் சீரம் என்ற டோக்கனுக்கு. அதன் மதிப்பாகப் போட்டிருந்த தொகை 220 கோடி டாலர். ஆனால் அதே சனிக்கிழமை, சந்தையில் இருந்த சீரம் டோக்கன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே தரவுத் தளம் காட்டிய மதிப்பு வெறும் 8.8 கோடி டாலர்தான். ஒரு பொருளின் மொத்தச் சந்தையைவிட ஒருவர் கையில் இருக்கும் பங்கு 25 மடங்கு பெரிதாக இருக்க முடியுமா?

இருந்தது. அந்த வாரம் விலை மளமளவென்று சரிந்தது ஒரு காரணம். இன்னொன்று, இரு கணக்கும் எண்ணியது ஒரே டோக்கன்களை அல்ல. சீரத்தின் உச்சவரம்பு சுமார் 1,000 கோடி டோக்கன்கள். அவற்றில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் பூட்டப்பட்டு, 2020இல் தொடங்கி ஏழு ஆண்டுகளில் மெல்ல மெல்ல விடுவிக்கப்படும் ஏற்பாட்டில் இருந்தது. தரவுத் தளம் எண்ணியது வெளியே புழங்கிய சிறு பகுதியை. எஃப்டிஎக்ஸ் தன் கையிலிருந்த பெருங்குவியலை எண்ணி, சிறு பகுதிக்குக் கிடைத்த விலையால் பெருக்கிக்கொண்டது.

சந்தை மதிப்பு என்பதே இந்தப் பெருக்கல்தான்: கடைசியாக நடந்த விற்பனையின் விலை, பெருக்கல் டோக்கன்களின் எண்ணிக்கை. ஆயிரம் மனை போட்ட ஒருவர் நாலு மனையை விற்றுவிட்டு, அந்த விலையை ஆயிரத்தால் பெருக்கி "என் லேஅவுட்டின் மதிப்பு இவ்வளவு" என்று சொல்வதைப் போல. நாலு மனை விற்றது பொய்யில்லை. மீதி 996க்கும் அதே விலையில் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் தெரியாது.

எந்த எண்ணிக்கையால் பெருக்குவது என்பதில்தான் முதல் குழப்பம். புழக்கத்தில் உள்ளவை என்றால் இன்று சந்தையில் யாரும் வாங்கி விற்கக்கூடியவை. மொத்த இருப்பு என்றால் இதுவரை உருவாக்கப்பட்டவற்றில் எரித்து அழித்தவை போக மிச்சம். நிறுவனர்கள், முதலீட்டாளர்கள் பெயரில் பூட்டிக் கிடப்பவையும் இதில் அடங்கும். இனி உருவாகப்போவதையும் சேர்த்தால் உச்சவரம்பு. பிட்காயினில் இந்தக் குழப்பம் குறைவு. தோண்டப்பட்டது எல்லாம் உடனே புழக்கத்துக்கு வந்துவிடுகிறது, உச்சவரம்பு 2.1 கோடி. புதிதாக வெளியிடப்படும் டோக்கன்களில்தான் மூன்று எண்களும் வெகுதூரம் விலகி நிற்கும்.

வேர்ல்டுகாயினைப் பாருங்கள். சாட்ஜிபிடியால் பெயர்பெற்ற சாம் ஆல்ட்மன் இணை நிறுவனராக இருந்த திட்டம். கண்ணின் கருவிழிப் படலத்தைப் பதிவுசெய்து, அப்படிப் பதிந்தவர்களுக்கு டோக்கன் கொடுப்பது. 2023 ஜூலை 24 அன்று வெளியானது. மொத்தம் 1,000 கோடி டோக்கன்கள். முதல் நாளில் புழக்கத்துக்கு வரக்கூடியவை அதிகபட்சம் 14.3 கோடி. அதாவது நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை.

விலை 2 டாலருக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. புழக்கத்தை வைத்துப் பெருக்கினால் அதிகபட்சம் 28.6 கோடி டாலர். மொத்தத்தை வைத்துப் பெருக்கினால் 2,000 கோடி டாலர். தரவுத் தளங்களில் `Market Cap` என்று வருவது முதல் எண். அதன் அருகே `FDV` என்று வருவது இரண்டாவது. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது "இன்னும் வளர இடமுள்ள சின்ன டோக்கன்" என்று தோன்றும். இரண்டாவதை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய நிறுவனம் ஒன்று பிறந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டு பேரும் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

அந்த 14.3 கோடியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதில் 4.3 கோடிதான் கண்ணைப் பதிவுசெய்த பயனர்களுக்கு. மீதி 10 கோடி, சந்தையில் எப்போதும் வாங்கவும் விற்கவும் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் வணிகர்களுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. புழக்கம் என்று கணக்கில் ஏறியதில் பத்தில் ஏழு பங்கு இரவல் சரக்கு! இதைத் திட்டமே வெளிப்படையாக அறிவித்தது, மறைக்கவில்லை. ஆனால் எல்லாத் திட்டங்களும் இப்படிச் சொல்வதில்லை. புழக்க எண்ணிக்கையைப் பெரும்பாலும் திட்டத்தாரே தரவுத் தளத்துக்குத் தருகிறார்கள்; சில டோக்கன்களுக்கு அருகே அது சரிபார்க்கப்படாத சுய அறிவிப்பு என்ற குறிப்பும் இருக்கும். அதைக் கண்டால் அந்த டோக்கனின் சந்தை மதிப்பை நான் வாசிக்காமலே விட்டுவிடுவேன்.

புழக்கம் சிறிதாக இருந்தால் விலையைத் தூக்குவது எளிது. சிறிய தொட்டியில் நாலு பேர் குதித்தாலே தண்ணீர் விளிம்புக்கு வரும். 2024 மார்ச்சில் வேர்ல்டுகாயின் 11 டாலரைத் தாண்டியது. 1,000 கோடியால் பெருக்கினால் 11,000 கோடி டாலர். ஆல்ட்மனின் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கே அதற்கு முந்தைய மாதம் செய்திகளில் சொல்லப்பட்ட மதிப்பு 8,000 கோடி டாலர் அளவில்தான். சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனத்தைவிட, கண்ணைப் படமெடுக்கும் திட்டத்தின் டோக்கன் பெரிது என்று கணக்கு சொன்னது. அதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் திரையில் அந்த எண் இருந்தது.

பூட்டியவை வெளிவரும்போது என்ன ஆகும்? வேர்ல்டுகாயினை உருவாக்கிய குழுவுக்கு 9.8 சதவீதமும் முதலீட்டாளர்களுக்கு 13.5 சதவீதமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஓராண்டு பூட்டு, பிறகு இரண்டாண்டுகளில் நாள்தோறும் சமமாக விடுவிப்பு என்பது முதல் திட்டம். 233 கோடி டோக்கன்களை 730 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 32 லட்சம். முதல் நாளில் இருந்த மொத்தப் புழக்கத்துக்குச் சமமான சரக்கு ஒன்றரை மாதத்தில் வந்து சேர்ந்துவிடும். அந்த விடுவிப்பு தொடங்கவிருந்த 2024 ஜூலையில், இவற்றில் ஐந்தில் நாலு பங்குக்கான காலத்தைத் திட்டத்தார் நீட்டித்தார்கள். பயனர்களுக்கான பங்கோ தனியே வெளிவந்துகொண்டே இருந்தது.

2025 ஏப்ரலில் விலை ஒரு டாலருக்குக் கீழே. புழக்கமோ 100 கோடியைத் தாண்டிவிட்டது. 80 சென்ட் என்று வைத்துப் பெருக்கினாலும் சந்தை மதிப்பு 80 கோடி டாலர். முதல் நாள் கணக்கைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். முதல் நாளில் 2 டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தவரோ பாதிக்கு மேல் இழந்திருப்பார். சந்தை மதிப்பின் வரைபடம் மட்டும் பார்த்தால் அந்த இழப்பு கண்ணில் படவே படாது. அதனால்தான் வளர்ச்சியை அளக்க விலை வரைபடத்தையும் புழக்க எண்ணிக்கையின் வரைபடத்தையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறார்கள், இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள்.

புழக்கத்தைத் துல்லியமாக எண்ணிவிட்டாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது: அந்த விலையில் எவ்வளவு விற்க முடியும்? காயின்கெக்கோ, காயின்மார்க்கெட்கேப் போன்ற தளங்களில், ஒரு டோக்கன் எந்தெந்தச் சந்தைகளில் கைமாறுகிறது என்று காட்டும் பட்டியலில் `-2% Depth` என்று ஒரு பத்தி உண்டு. எத்தனை டாலருக்கு விற்றால் விலை 2 சதவீதம் இறங்கும் என்பதை அது காட்டும். கோடிக்கணக்கான டாலர் சந்தை மதிப்புள்ள டோக்கனுக்கு இந்தப் பத்தியில் சில ஆயிரம் டாலர்தான் இருக்கிறது என்றால், பெரிய தொகையோடு வெளியேற நினைப்பவரின் விற்பனையே விலையைக் கவிழ்த்துவிடும். வாங்குவதற்கு முன், நாம் போடப்போகும் தொகையை அந்தப் பத்தியின் எண்ணோடு ஒப்பிட அரை நிமிடம் போதும்.