98 சதவீதமும் தவறவிட்ட 200 புகார்களும்

கணக்குக்காக, ஒரு நகராட்சிக்கு வாட்ஸ்அப்பில் 10,000 புகார்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒரு நிரல் நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும்.

| வகை | புகார்கள் |
|---|---|
| குடிநீர் | 4,200 |
| குப்பை | 3,100 |
| தெருவிளக்கு | 2,500 |
| அறுந்த மின்கம்பி | 200 |

எழுத்துக் கணக்கு

பலர் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுகிறார்கள், அதையும் ஆளுக்கொரு விதமாக. முழுச் சொல்லை அலகாகக் கொண்டால் கீழே உள்ள மூன்றும் தொடர்பற்ற மூன்று சொற்கள். மும்மூன்று எழுத்தாக நறுக்கினால் உறவு தெரியும்.

```
thanni  : tha han ann nni
thaneer : tha han ane nee eer
tanni   : tan ann nni
```

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொதுவான துண்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் சொல் இரண்டோடும் இரண்டிரண்டு துண்டுகளைப் பகிர்கிறது. பயிற்சியில் மூன்று வடிவங்களும் வந்தால் போதும், புதிதாக வரும் நான்காவது வடிவமும் பெரும்பாலும் பிடிபடும். தமிழ் எழுத்தில் வரும் ‘தண்ணி’யையும் `thanni` என மாற்றிச் சேர்த்துவிடலாம். மறுதிசையில் மாற்றுவது கடினம். `l` என்பது ல, ள, ழ மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

சமமின்மைக் கணக்கு

மின்கம்பி என்ற வகையையே அறியாத நிரல், மற்ற 9,800 புகார்களைச் சரியாகப் பிரித்தால் 98 சதவீதம் சரி. ஆபத்தான 200 புகார்களில் ஒன்றுகூட அதற்குச் சிக்கியிருக்காது. வகைவாரியாக மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தால் 75-ஐத் தாண்டாது. நிரலின் உண்மை நிலை அதுதான்.

`class_weight="balanced"` என்று கொடுத்தால், மின்கம்பிப் புகார் ஒன்றைத் தவறவிடுவதற்கான தண்டனை 10,000 ÷ (4 × 200) = 12.5 மடங்கு. குடிநீருக்கு அது 0.6 மட்டுமே. ஆனாலும் எடை கூட்டுவதால் புதிய எடுத்துக்காட்டுகள் கிடைத்துவிடாது.

உழைப்புக் கணக்கு

ஒவ்வொரு புகாரையும் இருவர், தலா 20 விநாடியில் படித்து வகை குறித்தால் 10,000-க்கு 111 மணி நேரம். இன்னும் 200 மின்கம்பிப் புகார்கள் வேண்டுமென்றால், வந்த வரிசையில் படிக்க மறுபடி 111 மணி நேரம். ‘கம்பி’, `kambi`, `wire`, `shock` என்று தேடி எடுத்த 1,500 புகார்களில் அந்த 200 கிடைத்தால், 17 மணி நேரத்துக்குள் வேலை முடியும்.

தேடி எடுத்தவை பயிற்சிக்கு மட்டும். சோதனைக்கு, வந்தபடியே எடுத்த புகார்கள்தான் வேண்டும். இல்லையென்றால் நாம் தேடிய சொற்களையே நிரல் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

சோதனைக் கணக்கு

சோதனைக்கு 2,000 ஒதுக்கினால் அதில் மின்கம்பிப் புகார் 40. ஒன்று தவறினாலே மதிப்பெண் 2.5 புள்ளி சரியும். ஆகவே 1 புள்ளி முன்னேற்றம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிரல் 60 புகார்களை மின்கம்பி என்று காட்டி, அவற்றில் 36 உண்மையானால், வீண் எச்சரிக்கை 24. ஊழியர் அவற்றைப் படித்துத் தள்ள 8 நிமிடம் ஆகும். விடுபட்ட நான்கு கம்பிகள் தெருவில் கிடக்கின்றன. அந்த நான்கைப் பிடிக்க வீண் எச்சரிக்கை 100 ஆனாலும், செலவு 34 நிமிடத்துக்கும் குறைவு. நிரலின் வரம்பைத் தயங்காமல் அந்தப் பக்கம் தளர்த்துங்கள்.