வீட்டுக்குள் ஒரு குளம் – 3: பஞ்சில் குடியிருக்கும் உயிர்

சென்ற வாரம் தொட்டி வைக்கும் இடத்தை முடிவு செய்தோம். இனி கடைக்குப் போகலாம்.

சென்னை கொளத்தூர் போல வண்ணமீன் கடைகள் நிறைந்த தெருவில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம்தான். வாங்காதீர்கள். என் மகளுக்கு அப்படி ஒன்றில் இரண்டு தங்கமீன்கள் வாங்கித் தந்தேன். நான்காம் நாள் காலையில் இரண்டும் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் சிவந்திருந்தன. ஆறாம் நாள் மிதந்தன. தண்ணீர் என்னவோ பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

கொன்றது அமோனியா. மீனின் கழிவிலும் தின்னாமல் அழுகும் தீனியிலும் உண்டாகிறது, கண்ணுக்குத் தெரியாது. சிறு கிண்ணத்தில் அது ஒரே நாளில் செறிந்துவிடும். அதனால்தான் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியைச் சொல்கிறேன். கூழாங்கல் போக 45 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். சின்னத் தொட்டியைவிடப் பெரியதைப் பராமரிப்பதுதான் எளிது.

ஃபில்டரில் விலை குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். ஒரு சின்ன ஏர் பம்ப் அதை ஓட்டும். அந்தப் பஞ்சு அழுக்கை வடிகட்டுவது இரண்டாம்பட்சம். அதன் துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் குடும்பம் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வாருங்கள். அது அழுகித் தரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்கு இரை. சோதனைத் திரவம் அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பூஜ்யமாகக் காட்டிய பிறகு, மூன்று ஆண் கப்பிகளோடு தொடங்கலாம்.

பஞ்சு அடைத்துக்கொண்டால் பலரும் குழாயடியில் பளிச்சென்று அலசிவிடுகிறார்கள். குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும். அப்படி ஆனால் மறுவாரமே மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். தொட்டி நீரையே ஒரு குவளையில் எடுத்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பி பம்புக்குள் இறங்கிவிடும்.

தீனிக்குக் கப்பியின் வாயைப் பாருங்கள். அது ஒரு கடுகைக்கூட விழுங்காது. பொடிக் குருணையாக, சிறிய டப்பாவாக வாங்குங்கள். திறந்த டப்பா நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் நமுத்துவிடும். நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. கல் மேல் ஒரு துகள் தங்கினாலும் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். மீன்கள் கண்ணாடிப் பக்கம் ஓடிவருவது பசியால் மட்டுமல்ல. கையைக் கண்டால் தீனி என்று பழகிவிடுகின்றன.

(தொடரும்)