கொலஸ்ட்ரால் மாத்திரையும் மறதியும்

"அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா மறதி வந்துடுமாம், நிறுத்திடுங்க பெரியம்மா!" - வாணியம்பாடியில் பக்கத்து வீட்டுப் பெண் சொல்ல, என் மாமியார் மாத்திரையை ஓரங்கட்டிவிட்டார். இந்தப் பயம் எப்படி வந்தது?

'ஸ்டாடின்' எனப்படும் இந்த மாத்திரையைச் சாப்பிட்ட சிலர் மறதி, குழப்பம் என்று சொன்னார்கள். 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதை மருந்தின் குறிப்பில் சேர்த்தது. நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னது.

ஆனால் வயதானால் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் மறதி வருமே! ஆகவே ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். பிரிட்டனில் 20,536 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டாடினும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. சுமார் ஐந்து ஆண்டுகளில் டிமென்ஷியா என்னும் முற்றிய மறதி நோய் வந்தவர்கள் இந்தப் பக்கம் 31 பேர், அந்தப் பக்கமும் 31 பேர்! 2002-ல் வெளியான இந்த முடிவின்படி, மாத்திரை மறதி நோயைத் தரவுமில்லை, தடுக்கவுமில்லை.

வீட்டுப் பெரியவருக்கு மறதி தெரிந்தால், அது எப்போது ஆரம்பித்தது, அப்போது எந்தெந்த மாத்திரை புதிது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, தூக்க மாத்திரைகூடக் காரணமாகலாம். ஸ்டாடின்மேல் சந்தேகமிருந்தால் டாக்டரே சில வாரம் நிறுத்திப் பார்ப்பார், அல்லது வேறு மாற்றித் தருவார். நாமாக நிறுத்தினால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்துதான் கூடும்.