துணி நல்லா இருக்கு, எலாஸ்டிக்தான் போச்சு

மகனின் பைஜாமா ஒன்று ஆறு மாதமாக அலமாரியின் மூலையில் கிடந்தது. துணி புதுசு போல இருக்கிறது. இடுப்பில் மட்டும் நிற்கவில்லை. உள்பக்கத் தையலை ஒன்றரை அங்குலத்துக்குப் பிளேடால் பிரித்து எலாஸ்டிக்கை வெளியே எடுத்து இழுத்தேன். நறநறவென்று சத்தம். நீண்டது, திரும்பிச் சுருங்கவில்லை. ஓரத்தில் ரப்பர் இழைகள் முறிந்து, நரைமுடி போலத் துருத்திக்கொண்டிருந்தன.

எலாஸ்டிக் நாடா முழுக்க ரப்பர் அல்ல. நீளவாக்கில் ஓடும் மெல்லிய ரப்பர் இழைகளைச் சுற்றி பாலியஸ்டர் நூல் பின்னப்பட்டிருக்கும். பாலியஸ்டர் வெறும் போர்வை. இழுத்ததைத் திரும்பக் கொண்டுவருவது ரப்பர் மட்டுமே. அது முறிந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தொளதொளத்த நாடா.

ரப்பருக்குள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குவிழுந்த நூல்போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நேராகும், விட்டால் மறுபடி சுருளும். ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போய்விடாதபடி அவற்றை இடையிடையே பிணைத்துவைப்பது கந்தகம். லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820-லேயே உடைகளில் ரப்பரை வைக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்ட பிறகுதான் அது நிலைத்து நின்றது.

அந்தச் சங்கிலியைத்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல அறுக்கிறது. அறுந்தால் ரப்பர் இளகி ஒட்டும். அறுந்த இடங்களில் தாறுமாறாகப் புதுப் பிணைப்புகள் விழுந்தால் விறைத்து நொறுங்கும். பழைய ரசீதுக் கட்டில் போட்ட ரப்பர் பேண்டில் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். இத்துப்போச்சு என்று நாம் சொல்வது இதைத்தான். சூடு இதை வேகப்படுத்தும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொட்டைமாடி வெயிலும் எலாஸ்டிக் மேல் ஓடும் இஸ்திரிப்பெட்டியும் அதனால்தான் கெடுதி. எண்ணெயும் ஆகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்த உடம்போடு போட்டால் அது ரப்பருக்குள் ஊறி, அதை உப்பவைத்து வலுவிழக்கச் செய்யும். காற்றிலுள்ள ஓசோனோ, இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான் வெடிப்பு விழவைக்கும். ஈரத் துணியின் கனம் முழுவதும் இடுப்புப் பட்டியில் தொங்கும்படி கிளிப் போட்டுக் காயவைப்பது இதனால் நல்லதல்ல.

இனி மாற்றுகிற வேலை. எலாஸ்டிக் செல்லும் துணிக்குழாய் ஒன்றேகால் அங்குல அகலம் இருந்தது. அதற்கு ஒரு அங்குல எலாஸ்டிக் வாங்கினேன். ரொம்பக் குறுகலானதைப் போட்டால் உள்ளே புரண்டு முறுக்கிக்கொள்ளும். கடையிலேயே ஒரு சாண் நீளத்தை இழுத்துவிட்டுப் பாருங்கள். பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். வெயில் படும் வாசலில் நாள்கணக்காகத் தொங்கிய சரக்கு, விற்கும் முன்பே பாதி இத்துப்போயிருக்கும்.

மகனின் இடுப்பு 26 அங்குலம். அதில் இரண்டைக் கழித்து, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க ஒரு அங்குலம் கூட்டி, 25 அங்குலம் வெட்டினேன். ஒரு முனையில் பெரிய ஊக்கு. சின்ன ஊக்கு சுருக்கத்துக்குள் கைக்குத் தட்டுப்படாது. இன்னொரு முனையைப் பிரித்த வாய்க்குப் பக்கத்தில் துணியோடு சேர்த்து வேறொரு ஊக்கால் குத்திவிட வேண்டும். இதை மறந்தால், சுற்றி வரும்போது அந்த முனையும் உள்ளே போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

துணியைச் சுருக்கி, ஊக்கைத் தள்ளி, சுருக்கத்தைப் பின்னால் நீவிவிட்டபடியே போனால் சுற்றி வந்துவிடும். பக்கத் தையலில் ஊக்கு முட்டும். அங்கே வலிந்து தள்ளாமல், சற்றுப் பின்னால் இழுத்துச் சாய்த்துவிட்டால் நுழையும். முறுக்கு விழுந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகு, இரு முனைகளையும் ஊக்கால் சேர்த்துப் பையனுக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஒரு அங்குலம் மேலடுக்காக வைத்து, சதுரமாகவும் அதன் நடுவே பெருக்கல் குறியாகவும் தைத்துவிடலாம். பிறகு சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, இரண்டு பக்கத் தையல்களின் மேலும் எலாஸ்டிக்கைச் சேர்த்து நேராக ஒரு தையல் போட்டால் அது உள்ளே புரளாது.

எல்லா உடுப்புக்கும் இது நடக்காது. இடுப்பில் நாலைந்து வரிசையாகத் தையல் ஓடும் ரெடிமேட் பேன்ட்களில் எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்தே அடித்திருப்பார்கள். கோர்க்க வழியில்லை, அந்த வரிசைகளை முழுக்கப் பிரித்தாக வேண்டும். அதைப் பொறுமையுள்ள தையல்காரரிடம் கொடுப்பது மேல்.

பிரித்த ஒன்றரை அங்குல வாயை மெஷினில் அடிக்காதீர்கள். கைத்தையலால் மூடுங்கள். இந்த எலாஸ்டிக்கும் ஒருநாள் இத்துப்போகும். அன்று அதே இடத்தைத்தான் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.